குழாயில் வளர்ந்த ஈஸ்ட்

சற்று நீண்ட பதிவு. மருத்துவ மாணவர்களும் நுண்ணுயிரியல் பயில்வோரும் வாசிப்பார்கள் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். முதிய பெற்றோரைக் கதீட்டரோடு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் பயன்படக்கூடும்.

சிறுநீர்க் கல்ச்சர் அறிக்கையில் "ஈஸ்ட் வளர்ந்துள்ளது, ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட காலனிகள்" என்று ஒரு வரி வரும். அந்த வரியைப் படிப்பவர் நோயாளியாயினும் மருத்துவராயினும், கண் முதலில் சென்று நிற்பது அந்த ஒரு லட்சத்தில்தான். இலக்கம் பெரிது, ஆகவே நோயும் பெரிது, ஆகவே மருந்து வேண்டும். இந்த மூன்று படிகளில் முதற்படி மட்டுமே உண்மை. பூஞ்சைகளோடு நான்கு ஆண்டுகளாக ஆய்வகத்தில் காலங்கழிக்கும் எனக்கு அவ்வரியின் மற்றொரு சொல்லே முக்கியமாகப் படுகிறது. பெரும்பாலும் அச்சொல் அறிக்கையிலேயே இராது. நோயாளிக்குக் குழாய் இருக்கிறதா என்பதுதான் அது.

நான் மருத்துவர் அல்லேன். மருந்து எழுதும் உரிமையும் எனக்கில்லை. கீழே சொல்லப்படும் முடிவுகள் அனைத்தும் மருத்துவர்கள் எடுத்தவை. நான் செய்ததெல்லாம் சில கேள்விகளை எழுதிக் கொடுத்ததுதான்.

மயூர் விஹார் முதல் பேஸில், டி.டி.ஏ. குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். தரைத்தளத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். ஐயாவுக்கு 76 வயது. மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். எடை 62 கிலோ. நீரிழிவு நெடுநாளாக உண்டு, புராஸ்டேட் வீக்கமும் உண்டு. சென்ற ஆண்டு ஏப்ரலில் நிமோனியாவோடு ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாள். வலுவான ஆன்டிபயாடிக்குகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. மணிக்கு எவ்வளவு சிறுநீர் பிரிகிறது என்று அளப்பதற்காக முதல் நாளே ஃபோலி கதீட்டர் பொருத்தினார்கள். அதில் தவறேதும் இல்லை. அந்நிலையில் அது தேவைதான். நுரையீரல் தேறி வார்டுக்கு வந்தபின் குழாயை எடுத்துப் பார்த்தார்கள், சிறுநீர் பிரியவில்லை, மீண்டும் பொருத்தி, அதனோடேயே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சிறுநீர் கலங்கலாக இருந்தது. ஆய்வகத்திலிருந்து வந்த பையன் மாதிரி எடுத்துச் சென்றான். அறிக்கை வந்தது: கேண்டிடா இனம், ஒரு லட்சத்துக்கு மேல், சீழ் செல்கள் நிறைய, நைட்ரைட் இல்லை. அதைத் தொலைபேசியில் கேட்ட மருத்துவர் ஃபுளூகோனசோல் 200 மில்லிகிராம், 14 நாள் என்று சொல்லிவிட்டார். அம்மா மாத்திரை வாங்குமுன் மேலே வந்து, "தம்பி, இது உங்க பூஞ்சைதானே? ரத்தத்துல ஏறிடுமா?" என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. விடை காண, முதலில் அந்த ஈஸ்ட் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கேண்டிடா நம் உடலில் அயலான் அன்று. குடலிலும், பெண்களின் பிறப்புறுப்பிலும், தோலின் ஈரமான மடிப்புகளிலும் சிறிதளவில் வாழ்கிறது. அங்கெல்லாம் பாக்டீரியாக்கள் அதனை அடக்கி வைத்திருக்கின்றன. வலுவான ஆன்டிபயாடிக் அந்தப் பாக்டீரியாக்களைத் துடைத்தெறியும்போது ஈஸ்ட்டுக்கு இடம் கிடைக்கிறது. நீரிழிவில் சிறுநீரோடு சர்க்கரை இறங்கினால் உணவும் கிடைக்கிறது. இவ்விரண்டும் இருந்தாலும், நலமான சிறுநீர்ப்பை சில மணிக்கு ஒருமுறை நிரம்பி முழுதாகக் காலியாகும்போது உள்ளே வந்தவற்றை அடித்துக்கொண்டு போய்விடும். குழாய் அந்த அலசலை நிறுத்திவிடுகிறது. சிறுநீர் சொட்டுச்சொட்டாக வடிகிறது; குழாயின் நுனிக்குக் கீழே சிறிதளவு எப்போதும் தேங்கி நிற்கிறது; ஈஸ்ட் ஒட்டிக்கொள்ளச் சளிச்சவ்வைக் காட்டிலும் வசதியான ரப்பர்ப் பரப்பும் கிடைத்துவிடுகிறது.

குழாயில் ஒட்டிய ஈஸ்ட் செல் பெருகுகிறது. சில இனங்கள் இழைகளையும் நீட்டுகின்றன. எல்லாம் சேர்ந்து தம்மைச் சுற்றி வழவழப்பான உறையொன்றைச் சுரந்து அதற்குள் குடியிருக்கின்றன. இதனையே உயிர்ப்படலம் என்கிறோம். எடுத்த குழாயைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், உட்சுவரில் குழைத்த சுண்ணாம்பு பூசியதுபோல் தெரியும். சிறுநீரில் மிதக்கும் செல்லைக் கொல்லும் மருந்தளவு படலத்துக்குள் இருக்கும் செல்லை அசைப்பதில்லை. படலத்திலிருந்து செல்கள் நாள்தோறும் உதிர்ந்துகொண்டே இருக்கும். அறிக்கையின் ஒரு லட்சம் அந்த உதிர்வின் கணக்கு. குழாயின் உட்சுவரில் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை அது ஒருவாறு சொல்கிறது. சிறுநீர்ப்பைச் சுவர் புண்பட்டதா, சிறுநீரகம் தொற்றுண்டதா என்பதைச் சொல்வதில்லை. குழாயில்லாதவரிடத்தில் எண்ணிக்கைக்கு ஓரளவு பொருளுண்டு. குழாயுள்ளவரிடத்தில் பத்தாயிரமும் ஒரு லட்சமும் தொற்றையும் வெறும் குடியிருப்பையும் பிரித்துக் காட்டுவதில்லை.

சீழ் செல்களும் அப்படியே. குழாய் சிறுநீர்ப்பையின் சவ்வை உராய்ந்துகொண்டே இருப்பதால் வெள்ளணுக்கள் வரத்தான் செய்யும். நைட்ரைட் இல்லாததும் வியப்பன்று. நைட்ரேட்டை நைட்ரைட் ஆக்குவது சில பாக்டீரியாக்களின் வேலை, ஈஸ்ட் அதைச் செய்வதில்லை.

நான் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பையன் எங்கிருந்து எடுத்தான்?" பதில் எதிர்பார்த்ததுதான். யூரின் பேக்கின் அடிக்குழாயைத் திறந்து, டப்பியில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறான். தில்லியின் ஏப்ரல் இறுதி வெயிலில், கட்டில் காலில் காலைமுதல் தொங்கிய பை அது. ஈஸ்ட்டுக்கு அதைவிட நல்ல வளர்ப்பறை ஆய்வகத்திலும் அமையாது. அத்தகைய மாதிரியில் வரும் எண்ணிக்கை, பையைப் பற்றிய எண்ணிக்கையே. முறையாகச் செய்வதாயின் பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தி, அதிலிருந்து வரும் சிறுநீரை, குழாயின் மாதிரித் துளையை ஆல்கஹால் கொண்டு துடைத்தபின் சிரிஞ்சால் எடுத்து, தாமதமின்றி ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். புதிய குழாயில் இன்னும் படலம் இல்லை. ஆகவே அதன்வழி வருவது சிறுநீர்ப்பைக்குள் இருப்பதற்குச் சாட்சி.

இரண்டாவது கேள்வி: காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாப்புற வலி, அடிவயிற்று வலி, புதிதாக வந்த மனக்குழப்பம், இவற்றில் ஏதேனும் உண்டா? ஒன்றும் இல்லை. ஐயா காலையில் செய்தித்தாள் படித்து அரசாங்கத்தை வழக்கம்போல் வைதுகொண்டிருந்தார். கலங்கல் ஒன்றே புகார். கலங்கலும் நாற்றமும் மட்டும் தொற்றுக்குச் சான்றாகா.

இந்த இடத்தில் ஆய்விலக்கியம் என்ன சொல்கிறது என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இத்துறையில் நெடுங்காலம் வழக்கத்துக்கு முரணாக நின்ற ஓர் ஆய்வு இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜாக் சோபல் குழுவினர் வெளியிட்டது. சிறுநீரில் கேண்டிடா இருந்தும் அறிகுறி இல்லாத அல்லது சொற்ப அறிகுறியே உள்ள 316 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல் இரு கூறாக்கினார்கள். ஒரு கூறுக்கு ஃபுளூகோனசோல் 200 மில்லிகிராம் 14 நாள். மற்றதற்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரை. பதினான்காம் நாள் மருந்துண்டவரில் 50 விழுக்காட்டினருக்குச் சிறுநீர் தெளிந்திருந்தது. வெற்று மாத்திரை உண்டவரில் 29 விழுக்காட்டினருக்கு. இதோடு ஆய்வை நிறுத்தியிருந்தால் மருந்து வென்றது என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் மேலும் இரண்டு வாரம் பொறுத்து மீண்டும் பார்த்தார்கள். அப்போது இரு கூறிலும் ஈஸ்ட் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. மருந்து வாங்கித் தந்தது இரண்டு வாரத் தெளிவை மட்டுமே. மருந்தை முழுதாக உட்கொண்டவர்களிலும், குழாயில்லாதவர்களில் 78 விழுக்காட்டினருக்குத் தெளிந்தது. குழாயுள்ளவர்களில் 52 விழுக்காட்டினருக்கே. குழாய் உள்ளே இருக்கையில் மருந்து கொடுப்பது, ஓட்டைப் படகில் அமர்ந்து நீர் இறைப்பதை ஒத்தது.

அதே ஆண்டு கரோல் காஃப்மன் குழுவினர் 861 நோயாளிகளைப் பின்தொடர்ந்த மற்றோர் ஆய்வும் வந்தது. அவர்களில் 83 விழுக்காட்டினருக்குச் சிறுநீர் வடிக்கும் கருவி ஏதேனுமொன்று இருந்தது. அந்த ஆய்வின் எண்களை மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். தனிச்சிகிச்சை எதுவும் பெறாத 155 பேரில் 75.5 விழுக்காட்டினருக்குத் தெளிந்தது. மருந்து பெற்றவர்களில் 50.2, குழாயை எடுத்தது மட்டுமே சிகிச்சையாக அமைந்த 116 பேரில் 35.3. மேலோட்டமாகப் பார்த்தால் எதையும் செய்யாதிருப்பதே தலைசிறந்த மருத்துவம் என்றும், குழாயை எடுப்பது வீண் என்றும் தோன்றும். இம்மூன்று குழுக்களும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவை அல்ல. யாருக்கு எது செய்வது என்று அவரவர் மருத்துவர்கள் நோயாளியின் நிலையைப் பார்த்து முடிவெடுத்தார்கள். உடல்நிலை நன்றாயிருந்தவரைச் சும்மா விட்டிருப்பார்கள். ஆகவே ஒன்றின் விழுக்காட்டை மற்றதன் பக்கத்தில் வைத்து வெற்றி தோல்வி கூறக் கூடாது. எனினும் இரண்டு செய்திகள் அதிலிருந்து உறுதியாகக் கிடைக்கின்றன. குழாயை எடுத்த ஒரே காரணத்தால், ஒரு மாத்திரையும் விழுங்காமல், மூவரில் ஒருவருக்கு மேல் தெளிவடைகிறார். இரத்தத்தில் கேண்டிடா உறுதிப்படுத்தப்பட்டவர்கள் ஏழே பேர். அம்மாவின் கேள்விக்கு விடை அதுதான்: ஏறக்கூடும், மிக அரிது.

அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி இந்த இரண்டையும் உள்வாங்கியது. அறிகுறி இல்லையெனில் மருந்து வேண்டா, இயன்றவரை குழாயை எடுங்கள் என்கிறது. அதற்குமுன்பே, 2015 ஜனவரியிலிருந்து அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் குழாய்சார் சிறுநீர்த் தொற்றின் கணக்கெடுப்பு வரையறையிலிருந்து ஈஸ்ட்டையே நீக்கிவிட்டது. மருத்துவமனைகளின் தொற்றுக் கணக்கில் வெறும் குடியிருப்பாளனைச் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தோம் என்பதே அதன் பொருள்.

மேற்படி கேள்விகளை ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். தாளின் முதல் வரி மருந்தைப் பற்றியது அன்று: "இந்தக் குழாய் இன்னும் எதற்காக இருக்கிறது, எப்போது எடுக்கலாம்?" மற்றொரு வரி ஐயாவின் சர்க்கரை மாத்திரையைப் பற்றியது. அவர் கிளைமெப்பிரைடு உட்கொள்கிறார். கிளைமெப்பிரைடைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியை ஃபுளூகோனசோல் தடுக்கிறது. சிதையாத கிளைமெப்பிரைடு இரத்தத்தில் தங்கி, சர்க்கரையைத் தாழ்த்திக்கொண்டே போகும். நிமோனியாவிலிருந்து எழுந்து, அரைவயிறு உண்ணும் 76 வயதுக்காரர் அதிகாலை மூன்று மணிக்குச் சர்க்கரை தாழ்ந்து மயங்கினால், அது ஈஸ்ட் செய்யக்கூடியதைக் காட்டிலும் உடனடியான கேடு. தேவையற்ற மாத்திரைக்கு விலை மாத்திரையின் விலை மட்டுமன்று.

மருத்துவர் நேரில் பார்த்தார். இளைஞர்; கேட்டுக்கொள்ளும் இயல்புள்ளவர். ஃபுளூகோனசோலை நிறுத்திவைத்து, சிறுநீரியல் நிபுணரிடம் அனுப்பினார். அங்கே பழைய ரப்பர்க் குழாயை எடுத்து 16 பிரெஞ்சு அளவுள்ள சிலிக்கோன் குழாய் பொருத்தினார்கள்; புதிய குழாயிலிருந்து மாதிரி எடுத்தார்கள்; புராஸ்டேட்டைத் தளர்த்தும் டாம்சுலோசின் தொடங்கினார்கள். சில நாள் சென்றபின் காலையில் குழாயை எடுத்து, நீர் குடிக்கச் செய்து, காத்திருந்து பார்த்தார்கள். இந்தச் சோதனை வெற்றி பெற்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்: குழாய் இல்லை, மருந்து இல்லை, அறிகுறி இல்லையெனில் மறு கல்ச்சரும் இல்லை. பெரும்பாலோர்க்கு, குறிப்பாக மறதியாலும் வசதிக்காகவும் மட்டுமே குழாய் நீடிக்கப்பட்டவர்களுக்கு, அப்படித்தான் முடிகிறது. ஐயாவுக்கு முடியவில்லை. பிற்பகலுக்குள் அடிவயிறு உப்பியது. அல்ட்ராசவுண்டில் அரை லிட்டருக்கு மேல் தேங்கியிருந்தது. குழாய் திரும்ப ஏறியது.

புதிய குழாயின் மாதிரியிலும் ஈஸ்ட் இருந்தது. இம்முறை இனத்தையும் கண்டறியுமாறு கேட்டிருந்தோம். வண்ண அகாரில் ஆல்பிகன்ஸ் பச்சையாகவும், டிராபிகாலிஸ் நீலமாகவும், கிளாப்ராட்டா வெளிர் ஊதாவாகவும் வளரும். ஓரிரு நாளில் பாதி விடை தெரிந்துவிடும். ஐயாவினுடையது நீலம். டிராபிகாலிஸ் என்று உறுதியாயிற்று, ஃபுளூகோனசோலுக்கு அடங்கக்கூடியது. அப்போதும் மருந்து தரவில்லை. காய்ச்சல் இல்லை, சிறுநீரகங்களில் வீக்கமோ பூஞ்சை உருண்டையோ இல்லை என்று ஸ்கேன் காட்டியது. மேல்நிலையில் அடைப்போடு காய்ச்சலும் இருந்திருந்தால் கணக்கே வேறு. அடைபட்ட சிறுநீரகத்தில் ஈஸ்ட் என்பது அவசரம்.

மருந்து தரவேண்டிய இடங்களை இங்கே சொல்லிவிடுகிறேன். குழாய்த் தொந்தரவு என்று ஒதுக்க முடியாதபடி சிறுநீர்ப்பை அழற்சியின் வலி இருந்தாலோ, காய்ச்சலோடு விலாவலி இருந்தாலோ அது தொற்று. இரண்டு வார மருந்து. அறிகுறி இல்லாதபோதும் மூவருக்கு மருந்துண்டு: கீமோதெரபி போன்றவற்றால் நியூட்ரோஃபில் அணுக்கள் வீழ்ந்தவர், 1,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தை, சிறுநீர்ப் பாதையில் அறுவையோ கருவி நுழைப்போ செய்துகொள்ளவிருப்பவர். இவற்றின்மேல் ஒரு எச்சரிக்கை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரத்த அழுத்தம் தளர்ந்து காரணம் புரியாத காய்ச்சலோடு கிடப்பவரின் சிறுநீரில் ஈஸ்ட் தோன்றினால், அது கீழிருந்து ஏறியதாகவே இருக்க வேண்டியதில்லை. இரத்தத்தில் உலவும் கேண்டிடா சிறுநீரகத்தில் தங்கி, அங்கிருந்து சிறுநீரில் இறங்கியிருக்கலாம். அங்கே சிறுநீர் ஒரு சாளரம். அதன்வழி பார்க்க வேண்டியது இரத்தத்தை. இரத்தக் கல்ச்சர் அனுப்பாமல் சிறுநீருக்கு மட்டும் மருந்து எழுதுவது பெரும்பிழை.

மூவரில் மூன்றாமவராக ஐயா ஆனார். குழாயின்றிச் சிறுநீர் பிரியாததால், ஜூன் தொடக்கத்தில் சிறுநீர்த்தாரை வழியாகவே புராஸ்டேட்டைச் சீவியெடுக்கும் அறுவைக்கு நாள் குறித்தார்கள். ஐந்து வாரமாக "வேண்டா" என்று சொல்லப்பட்ட அதே மாத்திரை இப்போது "கட்டாயம் வேண்டும்" என்றாயிற்று. அம்மா குழம்பியதில் வியப்பில்லை. ஈஸ்ட் மாறவில்லை; எண்ணிக்கையும் மாறவில்லை. மாறியது சிறுநீர்ப்பைக்கும் இரத்தத்துக்கும் இடையேயுள்ள சுவர். சீவும்போது சிறு நாளங்கள் திறந்துகொள்கின்றன. பார்வை தெளிவாயிருக்கவேண்டி உள்ளே அழுத்தத்தோடு திரவம் செலுத்தப்படுகிறது. அத்திரவத்தில் ஒரு பகுதி திறந்த நாளங்கள் வழியே இரத்தத்தில் கலக்கிறது. அதில் ஈஸ்ட் மிதந்தால் அதுவும் கூடச் செல்லும். ஆகவே அறுவைக்குச் சில நாள் முன்னும் சில நாள் பின்னும் ஃபுளூகோனசோல், நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் என்பது வழிகாட்டி கூறும் அளவு. படலத்தை ஒழிப்பது இதன் நோக்கமன்று. அந்தச் சில நாள்கள் சிறுநீரில் மிதப்பவற்றை அடக்கி, இரத்தத்தில் நுழைபவற்றைக் கொல்வதே நோக்கம்.

அளவு அத்தோடு முடியவில்லை. ஐயாவின் கிரியாட்டினின் 1.2, அறிக்கை அதை இயல்பு என்றே அச்சிட்டிருந்தது. பழைய சூத்திரத்தில் இட்டுப் பார்ப்போம்: 140இலிருந்து வயதான 76ஐக் கழிக்க 64; எடையான 62ஆல் பெருக்க 3,968; அதை 72இன் 1.2 மடங்கான 86.4ஆல் வகுக்க ஏறத்தாழ 46. அதாவது சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு 46 மில்லிலிட்டரே வடிகட்டுகின்றன. ஃபுளூகோனசோலில் சுமார் 80 விழுக்காடு சிதையாமல் சிறுநீரகம் வழியே வெளியேறுவது. வடிகட்டல் 50க்குக் கீழ் வந்தால் முதல் நாள் முழு அளவும் அடுத்த நாள்முதல் பாதியும் தருவது முறை. ஐயாவுக்கு முதல் நாள் 400, பின்னர் 200 என்று எழுதினார்கள். அறுவைக்கு மூன்று நாள் முன்பு தொடக்கம். கிளைமெப்பிரைடை நிறுத்தி, அந்நாள்களில் இன்சுலின் கொண்டு சர்க்கரையைப் பார்த்துக்கொண்டார்கள். பாக்டீரியாவுக்கான முன்தடுப்பு ஆன்டிபயாடிக் வேறு தனியே உண்டு.

அந்த 80 விழுக்காடுதான் இம்மாத்திரையின் சிறப்பு. சிறுநீரில் அதன் செறிவு இரத்தத்தில் இருப்பதைப்போல் பத்து மடங்கு. இதனை அறியாமல், "மாத்திரைக்கு அடங்காது, வலுவான ஊசி போடலாம்" என்று கேஸ்போஃபஞ்சின், மைகாஃபஞ்சின் போன்றவற்றை நாடுவோர் உண்டு. இரத்தத்திலுள்ள கேண்டிடாவுக்கு அவை மிகச் சிறந்த மருந்துகள். ஆனால் சிறுநீரில் அவை மிகச் சொற்பமாகவே இறங்கும், வோரிகோனசோலும் அவ்வாறே. கிளாப்ராட்டா போன்று ஃபுளூகோனசோலுக்கு அடங்காத இனம் சிறுநீர்ப்பையில் உண்மையிலேயே தொற்றினால், பழைய ஆம்ஃபோடெரிசின் டிஆக்ஸிகோலேட்டையே குறைந்த அளவில் சில நாள் தரவேண்டியிருக்கும். அதன் விலையுயர்ந்த லிப்போசோம் வடிவம் இங்கே ஈடாகாது. அது சிறுநீரில் போதிய அளவு சேர்வதில்லை. மருந்து வலிதா என்பதைவிட மருந்து அங்கே போகுமா என்பதே முதற் கேள்வி.

இனத்தைக் கண்டறியச் சொல்வதற்குத் தில்லியில் மற்றொரு காரணமும் உண்டு. கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சையை 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து பிரித்து விவரித்தார்கள். ஆரிஸ் என்றால் இலத்தீனில் காது. நான்கே ஆண்டில், தில்லிப் பல்கலைக்கழகத்தின் வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையத்தைச் சேர்ந்த அனுராதா சௌதரி குழுவினர், தில்லியின் இரண்டு மருத்துவமனைகளில் 12 நோயாளிகளிடம் அதே பூஞ்சையைக் கண்டு 2013இல் வெளியிட்டார்கள். அவை ஃபுளூகோனசோலுக்கு அடங்கவில்லை. அக்காலத்து வணிகக் கருவிகள் அதனைக் கேண்டிடா ஹெமுலோனி என்று தவறாகப் பெயரிட்டுக்கொண்டிருந்தன. ஆரிஸ் சிறுநீரிலும் வரும். அறிகுறியற்ற சிறுநீரில் வந்தால் சிகிச்சை விதி மாறுவதில்லை. அப்போதும் குழாயைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் தோலிலும் கட்டில் கம்பியிலும் பல வாரம் தங்கிப் பக்கத்துப் படுக்கைக்குத் தாவக்கூடியது ஆகையால், நோயாளிக்கு மருந்து வேண்டாவிட்டாலும் வார்டுக்குச் செய்தி வேண்டும்: தனியறை, கையுறை, குளோரின் கலந்த துடைப்பு. "சிகிச்சை தேவையில்லை" என்பதை "சொல்லத் தேவையில்லை" என்று படித்துவிடக் கூடாது. "கேண்டிடா இனம்" என்று மட்டும் எழுதி அறிக்கையை முடிக்கும் ஆய்வகம் இந்த வாய்ப்பைக் கைவிடுகிறது.

அறுவை நன்றாக நடந்தது. மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். மாலைக்குள் ஐயா தானாகவே நான்கு முறை சிறுநீர் கழித்தார். ஸ்கேனில் மிச்சம் சொற்பமே. அன்றே ஃபுளூகோனசோலின் கடைசி மாத்திரை. காய்ச்சல் வரவில்லை. மறு கல்ச்சர் வேண்டுமா என்று அம்மா கேட்டதற்கு, அறிகுறி ஏதேனும் வந்தால் பார்ப்போம் என்று நிபுணர் சொல்லிவிட்டார். வெளியேற்றச் சீட்டில் ஒரு குறிப்பு மட்டும் சிவப்பு மையில் இருந்தது: கிளைமெப்பிரைடு ஒரு வாரம் கழித்துத் தொடங்கவும். ஃபுளூகோனசோலின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 30 மணி நேரம் ஆகும். ஐயாவின் சிறுநீரகத்துக்கு இன்னும் கூடுதலாகும். கடைசி மாத்திரை விழுங்கியபின்னும் சில நாள் அது உடலில் இருந்துகொண்டுதான் இருக்கும்.